சில்லறையாக பிட்காயின் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



வாரம் ஐந்நூறு, சம்பளம் வந்ததும் ஆயிரம், விலை சரிந்தால் கூடுதலாக இரண்டாயிரம் என்று ஸ்பாட் சந்தையில் பிட்காயின் வாங்கிச் சேர்க்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கடன் வாங்கி ஃபியூச்சர்ஸில் பந்தயம் கட்டுபவர்கள் இல்லை. பணத்தைக் கொடுத்து நாணயத்தை வாங்கி வைக்கிறீர்கள், ஐந்து பத்து ஆண்டுகள் காத்திருக்கவும் தயாராக இருக்கிறீர்கள். பிட்காயின் வாங்கலாமா கூடாதா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. வாங்கிவிட்டீர்கள். வாங்கியதற்கான கணக்கு உங்களிடம் இல்லை என்பதுதான் என் குறை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஜூலை மாதத்தில் வரித் தாக்கலுக்காக வரும் உங்களிடம், "போன வருஷம் விற்றதில் லாபம் எவ்வளவு?" என்று கேட்டால் ஃபோனை எடுத்து நீட்டுகிறீர்கள். திரையில் பச்சை எழுத்தில் ஒரு தொகை, பக்கத்தில் ஒரு சதவீதம். "இதுதான் சார்" என்கிறீர்கள். அந்தத் தொகையில் விற்றதில் வந்த லாபம் எவ்வளவு, விற்காமல் இருப்பதில் தெரியும் லாபம் எவ்வளவு என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. செயலியிடமும் பல நேரம் அதற்குப் பதில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவர், தன் லாபம் என்னவென்று தெரியாதவர்தான்.

விற்று ரூபாயாக்கியதில் மிஞ்சியது கைக்கு வந்த லாபம். அது முடிந்த கணக்கு. நாளை விலை பாதியானாலும் மாறாது, அதற்கு வரியும் உண்டு. விற்காமல் வைத்திருக்கும் நாணயத்தின் இன்றைய மதிப்புக்கும் அதன் அடக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் காகித லாபம். அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும், இன்றைக்கு அதற்கு வரி கிடையாது. ஒரே ஒரு முறை வாங்கி ஒரே முறை விற்றவருக்கு இதில் குழப்பமே வராது. ஆண்டுக்கு ஐம்பது முறை வாங்கி, நடுவில் அவசரத்துக்குக் கொஞ்சம் விற்று, மறுபடி வாங்கத் தொடங்கும் உங்களுக்குத்தான் சிக்கல். விற்ற அந்தக் கொஞ்சம், எப்போது வாங்கிய நாணயம்? அதன் அடக்கம் என்ன? இதற்கு விடை சொல்லாமல் லாபம் என்று எந்தத் தொகையையும் சொல்ல முடியாது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ஐந்து தடவை, தடவைக்கு 10,000 ரூபாய் போட்டு வாங்குகிறார். ஒரு பிட்காயினின் விலை முதல் தடவை 40 லட்சம், இரண்டாவது 20 லட்சம், மூன்றாவது 25 லட்சம், நான்காவது 50 லட்சம், ஐந்தாவது 80 லட்சம். ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சதோஷி. ஆகவே அவருக்குக் கிடைத்தவை முறையே 2,50,000, 5,00,000, 4,00,000, 2,00,000, 1,25,000 சதோஷி. மொத்தம் 14,75,000 சதோஷி, அடக்கம் 50,000 ரூபாய்.

இந்த இடத்திலேயே ஒரு தவறு நுழையும். சராசரி விலை என்ன என்று கேட்டால் பலர் ஐந்து விலைகளையும் கூட்டி ஐந்தால் வகுத்து 43 லட்சம் என்கிறார்கள். அது தப்பு. ஒரே தொகைக்கு வாங்கும்போது விலை குறைந்த நாளில் அதிக நாணயம் கிடைக்கிறது, அதனால் அந்த நாளுக்குத்தான் கனம் அதிகம். போட்ட பணத்தைக் கிடைத்த நாணயத்தால் வகுக்க வேண்டும். வகுத்தால் வருவது ஏறக்குறைய 33.9 லட்சம். ஒன்பது லட்ச வித்தியாசம். விலை 40 லட்சத்துக்கு இறங்கும் நாளில் ஒருவர் நஷ்டம் என்று பதறுவார், இன்னொருவர் இன்னும் லாபத்தில்தான் இருக்கிறேன் என்று சும்மா இருப்பார். இருவரும் வைத்திருப்பது ஒரே நாணயங்கள்தான்.

இப்போது விலை 80 லட்சமாகவே நிற்கிறது என்று வையுங்கள். அவரிடம் இருப்பதன் மதிப்பு 1,18,000 ரூபாய். இதுவரை எதையும் விற்கவில்லை. எனவே கைக்கு வந்த லாபம் பூஜ்யம், காகித லாபம் 68,000. வீட்டில் ஒரு செலவு வருகிறது. 5,00,000 சதோஷியை விற்கிறார், 40,000 ரூபாய் கிடைக்கிறது. லாபம் எவ்வளவு?

முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையில் பார்ப்போம். விற்ற ஐந்து லட்சம் சதோஷியில் முதல் தடவை வாங்கிய 2,50,000 முழுவதும் போகிறது, அதன் அடக்கம் 10,000. மீதி 2,50,000 இரண்டாவது தடவை வாங்கியதில் பாதி, அதன் அடக்கம் 5,000. ஆக விற்றதன் அடக்கம் 15,000, கைக்கு வந்த லாபம் 25,000. கையில் மிஞ்சியது 9,75,000 சதோஷி. அதன் அடக்கம் 35,000, மதிப்பு 78,000, காகித லாபம் 43,000.

சராசரி முறையில் பார்த்தால் விற்றதன் அடக்கம் 16,949. கைக்கு வந்த லாபம் 23,051, காகித லாபம் 44,949.

இரண்டு முறையிலும் இரண்டு லாபத்தையும் கூட்டிப் பாருங்கள். 68,000 தான் வரும். விற்கும் முன்பு இருந்ததும் அதே 68,000 தான். இதை நீங்கள் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். எந்த முறையில் எழுதினாலும் மொத்த லாபம் மாறாது. அதில் எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு காகிதத்தில் நிற்கிறது என்ற பிரிவினைதான் மாறும். அப்படியானால் எந்த முறையாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். வரி முழுவதும் அந்தப் பிரிவினையின் மேல்தான் விழுகிறது, அதனால்தான் கேள்வி.

அதற்குமுன், செயலிகள் காட்டும் மூன்றாவது ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் "முதலீடு" என்ற தலைப்பின்கீழ் நீங்கள் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்துக் காட்டுகிறார்கள். நம் உதாரணத்தில் போட்டது 50,000, எடுத்தது 40,000, ஆக முதலீடு 10,000. இருப்பின் மதிப்பு 78,000. லாபம் 68,000, அதாவது 680 சதவீதம்! சராசரி விலை என்று சுமார் 10.26 லட்சத்தைக் காட்டும். அந்த மனிதர் தன் வாழ்நாளில் 20 லட்சத்துக்குக் குறைந்து ஒரு சதோஷிகூட வாங்கியதில்லை. கைக்கு வந்த லாபத்தை மீதி நாணயத்தின் அடக்கத்துக்குள் திணித்துவிட்டதால் வந்த விபரீதம் இது. இன்னும் கொஞ்சம் விற்றால் சராசரி விலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். உங்கள் செயலியில் விற்ற மறுநாள் சராசரி விலை சரிந்து தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சராசரி முறை சரியாக ஓடினால் விற்பதால் சராசரி விலை ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது. வாங்கும்போதுதான் மாற வேண்டும்.

இனி வரிக்கு வருகிறேன். இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல், மெய்நிகர் டிஜிட்டல் சொத்தைக் கைமாற்றிப் பெறும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். எத்தனை ஆண்டுகள் வைத்திருந்து விற்றாலும் இதே விகிதம்தான். பொறுமையாகக் காத்திருந்ததற்குச் சலுகை கிடையாது. வாங்கிய அடக்கத்தைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. நஷ்டத்தை வேறு வருமானத்தில் ஈடுகட்டவும் முடியாது, அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. ஒரு மெய்நிகர் சொத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது.

நம் நண்பருக்கு 25,000 லாபம் என்றால் வரி செஸ்ஸோடு 7,800. சராசரி முறையில் ஏறக்குறைய 7,190. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் வருமான வரிப் படிவத்தின் இதற்கான அட்டவணை, ஒவ்வொரு வரியிலும் வாங்கிய தேதி, கைமாற்றிய தேதி, அடக்கம், பெற்ற தொகை என்று தனித்தனியாகக் கேட்கிறது. சராசரிக்கு வாங்கிய தேதி என்று ஒன்று கிடையாது. முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறைக்கு உண்டு. எந்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்று இந்த நாணயங்களுக்கென்று சட்டம் தனியாக வகுத்துச் சொல்லவில்லை. டீமேட் பங்குகளுக்கு முதலில் வந்தது முதலில் போகும் முறைதான் என்பது மட்டும் உண்டு. அதனால் இங்கேயும் அதையே எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் இருங்கள் என்பது என் யோசனை. லாபம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு வேறொன்று என்று தாவினால் எந்த நாணயத்தை விற்றீர்கள், எது கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே விளங்காமல் போகும்.

அதே அட்டவணையில் லாபம் எழுதும் கட்டத்தில், நஷ்டமானால் பூஜ்யம் என்று போடச் சொல்லியிருக்கிறது. சில்லறையாக வாங்குபவருக்கு இந்த ஒரு குறிப்பு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நம் நண்பர் மிச்சம் வைத்திருந்த 9,75,000 சதோஷியையும் அடுத்த ஆண்டு 40 லட்ச விலையில் விற்றுவிடுகிறார். கிடைப்பது 39,000. அடக்கம் 35,000. மொத்தமாகப் பார்த்தால் லாபம் 4,000. தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். 20 லட்சத்தில் வாங்கிய பாதியில் 5,000 லாபம். 25 லட்சத்தில் வாங்கியதில் 6,000 லாபம். 50 லட்சத்தில் வாங்கியதில் 2,000 நஷ்டம். 80 லட்சத்தில் வாங்கியதில் 5,000 நஷ்டம். நஷ்டமான இரண்டு வரிகளிலும் பூஜ்யம் போட்டால் வரிக்கு உட்படும் லாபம் 11,000. முன்னதற்கு வரி 1,248, பின்னதற்கு 3,432. வந்த லாபமே 4,000 என்னும்போது, அதில் பெரும்பகுதியை வரியே விழுங்கிவிடும்.

ஒரே ஆர்டரில் விற்றதை ஒரே கைமாற்றமாகக் கொள்ளலாமா, வாங்கிய தேதிவாரியாகப் பிரித்துத்தான் எழுத வேண்டுமா என்பதை உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவை எடுக்கவே தேதிவாரிக் கணக்கு வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அது இல்லாதவருக்கு இந்தக் கேள்வி இருப்பதே தெரியாது. தெரிந்தவர் விற்கும் முன்பே, எந்த விலைக்குக் கீழே போனால் தான் தனித்தனித் தடவைகளில் வாங்கிய லாட்டுகளில் எவையெல்லாம் நஷ்டத்தில் விழும் என்று பார்த்து, எவ்வளவு விற்பது என்று நிதானமாக முடிவெடுப்பார்.

கணக்கு எங்கே கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் கெடுகிறது.

முதலாவது, விற்ற தொகை. 40,000-க்கு விற்றால் எக்ஸ்சேஞ்ச் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு 39,600 தருகிறது. கட்டணமும் அதன் ஜி.எஸ்.டி.யும் போக இன்னும் குறையும். வங்கிக்கு வந்த தொகையையே விற்ற விலை என்று எழுதிவிடுகிறீர்கள். டி.டி.எஸ். செலவு இல்லை. அது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டிய வரி. விற்ற விலை 40,000 தான். 400 ரூபாய் தனிக் கட்டத்தில் நிற்க வேண்டும், வரி கட்டும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, டெதருக்கு மாற்றுவது. "விற்கவில்லை சார், விலை இறங்கும்போல இருந்தது, சும்மா டெதரில் போட்டு வைத்தேன்" என்கிறீர்கள். ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் கைமாற்றம்தான். ரூபாய் கையில் வராவிட்டாலும் லாபம் அந்த நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அன்றைய ரூபாய் மதிப்பைக் குறித்துவைத்தால் அதுவே பிட்காயினை விற்ற விலையாகவும் டெதரின் புதிய அடக்கமாகவும் ஆகும். குறிக்காமல் விட்டால் இரண்டு கணக்கும் அந்தரத்தில் நிற்கும்.

மூன்றாவது, சொந்த வாலட்டுக்கு அனுப்புவது. நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாணயத்தைத் தங்கள் வாலட்டுக்கு மாற்றிக்கொள்வது நியாயமான காரியம். ஆனால் செயலிக்கு அது வெளியே போன நாணயம். அது விற்றதாகக் காட்டலாம், இருப்பைப் பூஜ்யமாக்கலாம். பிறகு இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு அதையே அனுப்பினால், அங்கே அது அடக்கமே இல்லாத நாணயமாகவோ அன்றைய விலையில் வாங்கியதாகவோ தெரியும். உண்மையில் அது நீங்கள் 25 லட்சத்தில் வாங்கிய அதே நாணயம். உங்கள் கணக்கில் இடம் மட்டும் மாற வேண்டும், தேதியும் அடக்கமும் அப்படியே தொடர வேண்டும். நெட்வொர்க் கட்டணமாகப் போன சதோஷியைத் தனி வரியாக எழுதுங்கள். நாலு லட்சம் அனுப்பி மூன்று லட்சத்து எண்பதாயிரம் வந்திருந்தால் அந்த இருபதாயிரம் எங்கே போனது என்று ஐந்து ஆண்டு கழித்து நினைவிருக்காது.

நான்காவது, நேரம். எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கும் கோப்புகளில் பல, நேரத்தை யு.டி.சி.யில் தருகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு நீங்கள் விற்றது, கோப்பில் மார்ச் 31 இரவு 8.30 என்று இருக்கும். அப்படியே எழுதினால் விற்பனை முந்தைய நிதியாண்டுக்குப் போய்விடும். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதலிலும் நடந்தவற்றை மட்டுமாவது சரிபாருங்கள்.

இவ்வளவையும் கேட்டால் மலைப்பாக இருக்கலாம். எழுத வேண்டிய ஏடு சிறியதுதான். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு வரி. தேதி, லாட் எண், கணக்கிலிருந்து போன ரூபாய், அதில் கட்டணம் எவ்வளவு, கிடைத்த சதோஷி, எங்கே இருக்கிறது, மீதி சதோஷி. விலைக்கென்று கட்டம் தேவையில்லை. செயலி காட்டும் விலைக்கும் உங்களுக்கு நிஜமாக விழுந்த விலைக்கும் இடையே வித்தியாசம் ஒளிந்திருக்கும். போன ரூபாயையும் வந்த சதோஷியையும் எழுதினால் உண்மையான விலை தானே கிடைத்துவிடும். கட்டணத்தைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம், உங்கள் சொந்த லாபக் கணக்கில் அது அடக்கத்தோடு சேரும், வரிக் கணக்கில் சேருமா என்பதை ஆடிட்டர் சொல்ல வேண்டும். சேர்த்து எழுதிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

சதோஷியில் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 0.00001234 என்று பிட்காயினில் எழுதினால் எக்செல் அதை 1.23E-05 என்று காட்டும், சுழியங்களை எண்ணுவதற்குள் கண் தடுமாறும். 1,234 சதோஷி என்பதில் தடுமாற எதுவுமில்லை.

விற்கும்போது, பழைய லாட்டிலிருந்து தொடங்கி மீதி சதோஷியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு லாட் பாதியில் நின்றால் அதன் மீதி அடக்கத்தை விகிதத்தில் பிரியுங்கள். மீதி சதோஷியை வாங்கிய சதோஷியால் வகுத்து அடக்கத்தால் பெருக்கினால் போதும். கைக்கு வந்த லாபம் அந்த விற்பனை வரியில் ஒருமுறை எழுதப்பட்டு உறைந்துவிடும், அதை மறுபடி தொடக் கூடாது. காகித லாபத்தை ஏட்டில் எழுதவே வேண்டாம். பார்க்கத் தோன்றும் நாளில் மீதி சதோஷியைப் பத்துக் கோடியால் வகுத்து, அன்று நீங்கள் ஒரு பிட்காயினை விற்கக் கிடைக்கும் ரூபாய் விலையால் பெருக்கி, மீதி அடக்கத்தைக் கழித்தால் வந்துவிடும். டாலர் விலையை எடுத்து ரூபாய்க்கு மாற்றாதீர்கள். நீங்கள் விற்கப்போவது இங்கேயுள்ள விலையில்தான்.

காகித லாபத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கழித்துப் பாருங்கள். நம் நண்பரின் 43,000 முழுதும் அவருடையது இல்லை. விற்றால் அதில் 31.2 சதவீதம், அதாவது 13,416 ரூபாய், வரியாகப் போகும். மிஞ்சுவது 29,584. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இதை நம்பியிருப்பவர் எந்தத் தொகையை நம்ப வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏடு சரியாக இருக்கிறதா என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, ஏட்டிலுள்ள மீதி சதோஷியின் கூட்டல், எல்லா எக்ஸ்சேஞ்சுகளிலும் வாலட்டுகளிலும் உள்ள உண்மை இருப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒரு சதோஷி குறைந்தாலும் எங்கோ ஒரு கட்டணமோ கைமாற்றமோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டு, இதுவரை விற்றுப் பெற்றதையும் இன்றைய இருப்பின் மதிப்பையும் கூட்டி, இதுவரை போட்டதைக் கழியுங்கள். வரும் தொகை, கைக்கு வந்த லாபத்தையும் காகித லாபத்தையும் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 40,000-மும் 78,000-மும் கூட்டி 50,000 கழித்தால் 68,000. 25,000-மும் 43,000-மும் கூட்டினாலும் 68,000. முதல் சோதனை நாணயத்தைச் சரிபார்க்கிறது, இரண்டாவது பணத்தைச் சரிபார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

எல்லாம் எக்ஸ்சேஞ்சில் பதிவாகத்தானே இருக்கிறது, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. பத்து ஆண்டுகள் வைத்திருக்க நீங்கள் தயார். உங்கள் எக்ஸ்சேஞ்ச் பத்து ஆண்டுகள் இருக்குமா? 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்ட பின், அதே ஆண்டு செப்டம்பரில் ஸெப்பே இந்தியாவில் எக்ஸ்சேஞ்சை நிறுத்தியது. 2019 ஜூனில் கோயினெக்ஸ் மூடப்பட்டது. அந்தச் சுற்றறிக்கையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 ஜூலையில் வாஸிர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடுபோய், நாணயங்களை எடுக்க முடியாமல் பயனர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நாணயத்தைச் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொண்டவர் இப்படிப்பட்ட இடியிலிருந்து தப்பிவிடுவார். ஆனால் வாங்கியதற்கான பதிவை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்திருந்தால், பாதுகாப்பாக இருக்கும் அந்த நாணயத்துக்கு அடக்கம் இல்லாமல் போகும். அடக்கத்தைக் காட்ட முடியாவிட்டால், விற்ற தொகை முழுவதுமே லாபம்தானே என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். 2022-க்கு முன் வாங்கியதை இன்று விற்றாலும் இன்றைய வரி விதிதான். அன்று வாங்கியதற்கான சான்றும் இன்று வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று காரியங்கள். இந்த வாரமே, நீங்கள் இதுவரை கணக்கு வைத்திருந்த எல்லா எக்ஸ்சேஞ்சுகளிலிருந்தும், பயன்படுத்தாமல் விட்ட பழையவை உட்பட, தொடக்க நாளிலிருந்து வாங்கல் விற்றல் கோப்பையும், பணம் போட்டது எடுத்தது பற்றிய கோப்பையும் இறக்கி இரண்டு இடங்களில் வையுங்கள். அடுத்து, அதிலிருந்து லாட்வாரி ஏட்டைத் தொடங்குங்கள். பழையதை ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, இன்று வாங்குவதிலிருந்து எழுதத் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் நான்கு எண்களை எழுதிவையுங்கள்: மீதி சதோஷி, அதன் அடக்கம், அந்த ஆண்டு கைக்கு வந்த லாபம், அந்த ஆண்டு பிடிக்கப்பட்ட டி.டி.எஸ். இந்த நான்கும் இருந்தால் அடுத்த ஆண்டின் தொடக்கம் தானே அமைந்துவிடும்.

வாங்கும் நாளில் ஒரு வரி எழுத ஒரு நிமிடம் ஆகும். ஐந்து ஆண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடிக்க நினைத்தால் முடியவே முடியாமல் போகலாம். வரும் ஜூலையில் என் மேசைக்கு வரும்போது ஃபோனை நீட்டாமல் ஏட்டைக் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்குகளை எழுதும் ஒருவன்